விசேஷம் முடிந்தது, ஆல்பம் எங்கே?

திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். ஹோமம், கலசாபிஷேகம், மாங்கல்ய தாரணம், பந்தி என்று எல்லாம் நல்லபடியாக முடிகிறது. போட்டோகிராபர் ஒருவர்தான், ஆனால் படம் எடுத்தவர்கள் இருபது பேர். அன்று மாலையே குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படங்கள் குவிகின்றன. மூன்று மாதம் கழித்து யாராவது ஒரு படத்தைத் தேடினால் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் பிரிண்ட் போட்டால் மங்கலாக இருக்கிறது.

வாட்ஸ்அப் வழக்கமான முறையில் அனுப்பும் படத்தைச் சுருக்கிவிடுகிறது. போனில் 4000 புள்ளி நீளம் இருந்த படம் ஏறத்தாழ 1600 புள்ளியாகிவிடும். நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது கணக்கு. அப்படியானால் அந்தப் படத்தை ஐந்து அங்குலத்துக்கு மேல் பெரிதாக்க முடியாது. இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாதது. படம் எந்த நாள், எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்ற குறிப்பு படக் கோப்புக்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப் அதை நீக்கிவிடுகிறது. பிறகு பந்திப் படம் ஹோமத்துக்கு முன்னால் வந்து நிற்கும். கோப்பின் பெயர் IMG-20250518-WA0027.jpg என்பதுபோல நடுவில் WA என்று இருந்தால், அது வாட்ஸ்அப் வழியாக வந்த படம் என்று அறியலாம்.

ஆகவே, ஒரிஜினல் படங்களை ஒரே இடத்தில் சேர்ப்பதுதான் முதல் வேலை. அதை வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும். கூகுள் போட்டோஸில் ஒரு ஷேர்டு ஆல்பம் தொடங்கி, எல்லோரும் படம் சேர்க்க அனுமதி கொடுத்து, அதன் லிங்க்கை விசேஷத்தன்றே குரூப்பில் போட்டுவிடலாம். ஒரு வாரத்துக்குள் சேர்த்துவிடச் சொல்வது நல்லது, போனில் இடமில்லை என்று பலர் படங்களை அழித்துவிடுவார்கள். பொதுவாகக் கேட்டால் யாரும் அனுப்ப மாட்டார்கள். "சித்தி, கலசாபிஷேகத்தப்போ நீங்க முன்னாடி நின்னு வீடியோ எடுத்தீங்களே, அது வேணும்" என்று பெயர் சொல்லிக் கேட்டால் வந்துவிடும். ஆல்பத்தில் சேர்க்கத் தெரியாத பெரியவர்கள் வாட்ஸ்அப்பிலேயே அனுப்பட்டும், ஆனால் Document என்பதைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது, நேரக் குறிப்பும் அழியாது.

அடுத்தது வரிசை. ஆல்பத்தில் பழையது முதலில் என்று அடுக்கச் சொன்னால், எடுத்த நேரப்படி படங்கள் தாமாகவே நிற்கும். போன்கள் எல்லாம் சரியான நேரத்தைக் காட்டும். தப்பு வருவது போட்டோகிராபரின் கேமராவில், அதன் கடிகாரத்தைக் கையால்தான் வைத்திருப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எல்லோரும் எடுத்த ஒரே கணம் போதும். தாலி கட்டும் படம் போனில் 10:12 என்றும் கேமராவில் 8:35 என்றும் காட்டினால், கேமரா 1 மணி 37 நிமிடம் பின்தங்கியிருக்கிறது. கணினியில் கூகுள் போட்டோஸைத் திறந்து, கேமராப் படங்களை மட்டும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, Edit date & time மூலம் அந்த வித்தியாசத்தை ஒரே தடவையில் கூட்டிவிடலாம். நாம் ஏற்றிய படங்களுக்குத்தான் இப்படி நேரம் மாற்ற முடியும். ஆகவே போட்டோகிராபர் தந்த பென்டிரைவைப் பொறுப்பாளரே ஏற்றுவது நல்லது. வரிசை சரியான பிறகு ஹோமம், கலசாபிஷேகம், பந்தி என்று இடையிடையே தலைப்பு போடலாம்.

ஆயிரம் படத்தையும் யாரும் பார்க்க மாட்டார்கள். கண் மூடியது, ஆடியது, ஒரே காட்சியில் பத்து எடுத்தது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இருநூறு படங்களோடு இன்னொரு ஆல்பம் தொடங்கி, அதன் லிங்க்கை எல்லோருக்கும் அனுப்புங்கள். பொறுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வந்திருந்த ஒவ்வொரு குடும்பமும் ஒரு படத்திலாவது இருக்க வேண்டும். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பெரியப்பா தெரிகிற ஒரே படத்தைத் தள்ளிவிடக் கூடாது.

ஷேர்டு ஆல்பத்தில் ஒரு பலவீனம் உண்டு. படம் அதை ஏற்றியவரின் கணக்கில்தான் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி நிறைந்துவிட்டது என்று அவர் தன் கணக்கில் அழித்தால், ஆல்பத்திலிருந்தும் அது போய்விடும். எனவே எல்லாம் சேர்ந்ததும் முழு ஆல்பத்தையும் Download all கொடுத்து இறக்கி, ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதியும் வேறொரு வீட்டில் இன்னொரு பிரதியும் வையுங்கள். லிங்க் கிடைத்தவர் எவரும் ஆல்பத்தைப் பார்க்க முடியும் என்பதால், எல்லோரும் பார்த்து முடித்ததும் லிங்க்கை அணைத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டில் அடுத்த விசேஷத்துக்கு நாள் குறித்திருந்தால், படம் சேர்ப்பவர் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.