குழாய்க்குள் மெலியும் கிளைகால்

குளிர்நாடுகளில் பல வீடுகளைச் சூடாக வைத்திருப்பது குழாய்களுக்குள் சுற்றிவரும் வெந்நீர்தான். பாய்லர் நீரைச் சூடாக்குகிறது. பம்ப் அதை அறைதோறும் உள்ள ரேடியேட்டருக்கு அனுப்புகிறது. சூட்டை அங்கே இறக்கிவிட்டு நீர் மறுபடி பாய்லருக்கே திரும்புகிறது. ஆண்டுக்கணக்கில் அதே நீர் சுற்றுவதால் இதை மூடிய சுற்று என்கிறார்கள்.

எப்போதும் ஆள் இருக்கும் வீட்டுக்கு வெறும் நீரே போதும். கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்து ஏரிக்கரைகளில் உள்ள விடுமுறை வீடுகளுக்கு அது போதாது. ஜனவரி இரவில் அங்கே வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே போகும். யாரும் இல்லாதபோது மின்சாரம் நின்று பாய்லரும் நின்றுவிட்டால் குழாயில் உள்ள நீர் உறையும். உறையும் நீர் ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடைவதால் செம்புக் குழாய் பிளக்கும், வார்ப்பிரும்பு ரேடியேட்டர் வெடிக்கும். இதைத் தடுக்கவே நீரில் கிளைகால் கலக்கிறார்கள்.

வீட்டுக்கு ஏற்றது புரொப்பிலீன் கிளைகால். கார்களில் பெரும்பாலும் ஊற்றப்படும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், ஆனால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் நஞ்சு. குளிக்கவும் குடிக்கவும் வரும் நீரைப் பல வீடுகளில் இதே சுற்றின் சூட்டைக் கொண்டுதான் காய்ச்சுகிறார்கள். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. அதில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால், விலை குறைவு என்று கார் கூலண்டை வாங்கி ஊற்றுவது மன்னிக்க முடியாத தவறு என்பது விளங்கும்.

கன அளவில் 40 சதவீதம் புரொப்பிலீன் கிளைகால் உள்ள கலவை சுமார் மைனஸ் 22 டிகிரியில்தான் உறையத் தொடங்கும். அப்போதும் அது ஒரே கட்டியாக இறுகிவிடாது. முதலில் உருவாவது நீரின் பனிப்படிகங்கள் மட்டுமே. மிஞ்சிய திரவத்தில் கிளைகாலின் பங்கு கூடுவதால் அது உறைய இன்னும் கடுமையான குளிர் வேண்டும். ஆகவே குழாயில் இருப்பது குழைந்த கூழாகவே நிற்கும். பம்பால் அதைத் தள்ள முடியாமல் போகலாம், ஆனால் குழாய் வெடிக்காது. அப்படியென்றால் கிளைகாலை அள்ளி ஊற்றலாமா என்றால் அதுவும் கூடாது. செறிவு கூடக்கூடக் கலவை கெட்டியாகி பம்புக்குச் சுமை ஏறும், சூட்டைச் சுமக்கும் திறனும் குறையும்.

விற்பனைக்கு வரும் கிளைகாலில் இன்னொரு சரக்கும் கலந்திருக்கிறது. இரும்பையும் செம்பையும் அரிக்காமல் காக்கும் தடுப்பான்கள் அவை. கலவை அமிலமாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் அவற்றின் வேலையே. கிளைகால் சூட்டிலும் காற்றிலும் மெல்லச் சிதைந்து அமிலமாக மாறும் பொருள். தடுப்பான் இல்லாத கிளைகால் வெறும் நீரைவிட அதிகமாக உலோகத்தை அரிக்கும்.

கெடுதல் தொடங்குவது பெரும்பாலும் பாய்லர் அறையில் இருக்கும் ஒரு சிறு வால்வில். குழாயில் அழுத்தம் குறைந்தால் இந்தத் தானியங்கி வால்வு திறந்து, குடிநீர்க் குழாயிலிருந்து நீரை உள்ளே விடும். வெறும் நீர் ஓடும் சுற்றில் இது நல்ல ஏற்பாடு. கிளைகால் சுற்றிலோ, பிரஷர் கேஜின் முள் சரியான இடத்தில் நிற்க, உள்ளே கலவை மெலிந்துகொண்டே போகும். கேஜ் காட்டுவது அழுத்தத்தை மட்டுமே. குழாயில் இருப்பது கிளைகாலா நீரா என்பது அதற்குத் தெரியாது.

200 லிட்டர் கொள்ளும் ஒரு சுற்றை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் செறிவு 40 சதவீதம். ஒரு வால்வின் தண்டோரம் 20 நொடிக்கு ஒரு துளி சொட்டுகிறது. சூடான குழாயில் நீர்ப்பகுதி ஆவியாகிவிடுவதால் தரையில் பெரிதாக ஈரம் தெரியாது, பிசுபிசுப்பான ஒரு கறைதான் இருக்கும். அந்தத் துளிகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 200 மில்லிலிட்டருக்குச் சற்று மேல், ஆண்டுக்கு ஏறத்தாழ 79 லிட்டர். வெளியே போவது கலவை, உள்ளே வருவது வெறும் நீர். ஓராண்டு முடிவில் செறிவு 27 சதவீதம் ஆகிவிடும், உறையும் புள்ளி மைனஸ் 11 டிகிரிக்கு அருகே வந்துவிடும். இரண்டாம் ஆண்டு முடிவில் செறிவு 18 சதவீதம், உறையும் புள்ளி மைனஸ் 7 டிகிரி அளவு.

உறைவது மட்டும்தான் ஆபத்து என்றால் குளிர் குறைந்த ஆண்டுகளில் தப்பிவிடலாம். ஆனால் தடுப்பானும் அதே கணக்கில் பாதிக்கும் கீழே போய்விட்டது. உற்பத்தியாளர்கள் பொதுவாக 25 முதல் 30 சதவீதத்துக்குக் கீழே போக வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். போதாக்குறைக்குச் செறிவான கிளைகாலில் பிழைக்க முடியாத பாக்டீரியாக்கள் 20 சதவீதத்துக்குக் கீழே மெலிந்த கலவையில் செழிக்கும். கிளைகாலே அவற்றுக்குத் தீனி. தின்று அமிலத்தையும் வழவழப்பான படலத்தையும் விட்டுச்செல்லும். இந்த நிலையில் குழாயில் கிளைகாலே இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே வந்த குழாய்நீரும் சும்மா வருவதில்லை. மூடிய சுற்றில் முதலில் இருந்த ஆக்ஸிஜன் சிறிது துருவை உண்டாக்கித் தீர்ந்துவிடும், அதோடு அரிப்பும் ஏறக்குறைய நிற்கும். புதுநீர் ஒவ்வொரு தடவையும் புது ஆக்ஸிஜனைக் கொண்டுவந்து அதை மறுபடி தொடங்கிவைக்கும். அதில் கரைந்துள்ள குளோரைடு அரிப்பைத் தூண்டும். கடினநீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் பாஸ்பேட் வகைத் தடுப்பானோடு சேர்ந்து அடியில் படிந்துவிடும். அப்படிப் படிந்த தடுப்பான் வேலைக்கு ஆகாது. கலவையைத் தயாரிக்கும்போதே காய்ச்சி வடித்த நீரையோ உப்பு நீக்கிய நீரையோ பயன்படுத்தச் சொல்வது இந்தக் காரணங்களால்தான்.

செறிவைக் கண்ணால் அறிய முடியாது. நிறம் என்பது சேர்த்த சாயம் மட்டுமே. காரில் பயன்படும் மிதவைக் கருவியும் இங்கே நம்பகமானதல்ல. புரொப்பிலீன் கிளைகால் கலவையின் அடர்த்தி 70 சதவீதம் வாக்கில் உச்சத்தைத் தொட்டு, பிறகு குறையத் தொடங்குகிறது. ஒரே அளவீடு இரண்டு வெவ்வேறு செறிவுகளைக் குறிக்கக்கூடும். ஆகவே நம்பத் தகுந்தது ரிஃப்ராக்டோமீட்டர். கலவையில் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதை வைத்துச் செறிவைச் சொல்லும் கையடக்கக் கருவி அது.

பம்பைச் சிறிது நேரம் ஓடவிட்டுக் கலவை ஒன்றான பிறகு, வடிகுழாயைத் திறந்து முதலில் வரும் ஒரு குவளையைத் தனியே பிடித்துவைத்துவிட்டு, அடுத்ததில் மாதிரி எடுக்க வேண்டும். அது அறை வெப்பத்துக்கு ஆறட்டும். கருவியின் கண்ணாடியில் காய்ச்சி வடித்த நீரை வைத்துப் பூஜ்யத்தைச் சரிபார்த்து, துடைத்துவிட்டு, மாதிரியின் சில துளிகளை வைத்து மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பார்த்தால் கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு அளவுகோலைத் தொடும் இடமே விடை. புரொப்பிலீனுக்கும் எத்திலீனுக்கும் தனித்தனி அளவுகோல்கள் இருக்கும். தவறான அளவுகோலில் படித்தால் உறையும் புள்ளி சில டிகிரி பிசகும். கூடவே பி.எச். தாளையும் நனைத்துப் பார்க்க வேண்டும். நல்ல கலவை 8 முதல் 10 வரை காட்டும். 7-க்குக் கீழே போனால் தடுப்பான் தீர்ந்து அமிலம் சேர்ந்துவிட்டது என்று பொருள். செறிவு சரியாக இருந்தாலும் அந்தக் கலவையை வெளியேற்ற வேண்டியதுதான்.

மேலே சொன்ன சுற்றில் முதலாண்டிலேயே சோதித்து 27 சதவீதம் என்று கண்டிருந்தால் சீர்செய்வது எளிது. கசிவை அடைத்துவிட்டு, 36 லிட்டரை வடித்து அதே அளவு கலக்காத கிளைகாலை ஊற்றினால் செறிவு மறுபடி 40 சதவீதம். 18 சதவீதத்தில் கண்டால் இந்தக் கணக்கு 54 லிட்டர் ஆகும். ஆனால் அப்போது கணக்கைவிடக் கலவையின் நிலைதான் முக்கியம். கறுத்து நாற்றமடித்தால் முழுவதையும் வடித்து, குழாய்களைக் கழுவி, புதுக் கலவை நிரப்புவதே சரி.

தானியங்கி வால்வை மூடிவைத்து, குடிநீர்க் குழாயோடு உள்ள இணைப்பையும் துண்டிப்பது அடுத்த வேலை. அதற்குப் பதிலாக, முன்பே சரியான செறிவில் கலந்த கிளைகாலை ஒரு தொட்டியில் நிரப்பி, அழுத்தம் குறைந்தால் அதிலிருந்து எடுத்து உள்ளே தள்ளும் சிறு பம்பை வைக்கிறார்கள். தொட்டியின் மட்டம் மாதாமாதம் இறங்கினால் எங்கோ கசிகிறது என்பது தெரிந்துவிடும். சுற்றின் செறிவோ அதுவரை 40 சதவீதத்திலேயே நிற்கும்.