கடை பூட்டிய பிறகு பேசும் குரல்

கனடாவின் டொராண்டோ நகரில், ஸ்காபரோ பகுதியில், குடும்பமே நின்று நடத்தும் தமிழ்க் கடைகள் நிறைய உண்டு. பலகாரம், கேக், புடவை, மளிகை என்று பலவகை. இரவு கடை பூட்டிய பிறகும் அங்கே போன் அடிக்கும். தமிழ்நாட்டில் என்றால் அது மிஸ்டு காலாக விழும், அல்லது வாட்ஸ்அப்பில் கேள்வி வரும். கனடாவில் நான்கைந்து மணி அடித்ததும் வாய்ஸ்மெயில் எடுத்துக்கொள்ளும். முன்பே பதிவு செய்த ஒரு குரல் பேசும், ‘பீப்’ ஒலிக்கும், அழைத்தவர் தன் செய்தியைச் சொல்லலாம்.

அந்த நேரத்தில் அழைப்பவருக்குத் தெரிய வேண்டியது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான்: கடை எப்போது திறக்கும், தான் கேட்க வந்ததை இப்போதே சொல்லி வைக்கலாமா? இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் அவர் பீப் வரைக்கும் காத்திருக்க மாட்டார், வேறு கடைக்கு அடித்துவிடுவார்.

ஒரு கேக் கடையை எடுத்துக்கொள்வோம். செவ்வாய் முதல் ஞாயிறு வரை காலை 9 முதல் இரவு 8 வரை வியாபாரம், திங்கள் விடுமுறை. முதல் நாள் அவசரத்தில் இப்படிப் பதிவாகிறது: “வணக்கம். இப்ப கடை பூட்டியாச்சு. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்குத் திறப்பம். மெசேஜ் விடுங்கோ.” கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு அழைப்பவரிடமும் இதே குரல் ‘நாளைக்கு’ என்கிறது. அவர் திங்கள் காலை வந்து பூட்டிய கதவின் முன் நிற்பார். நள்ளிரவு ஒரு மணிக்குக் கேட்பவருக்கு எந்த நாளைச் சொல்கிறார்கள் என்பதே குழப்பம்.

‘இப்ப’ என்ற சொல் இதைவிட நஷ்டம் தருவது. எல்லாரும் கைவேலையாக இருக்கும் பகல் 12 மணிக்கு யாரும் போனை எடுக்காவிட்டால், பல இணைப்புகளில் அழைப்பு இதே பதிவுக்குத்தான் போகும். கடை நிறையக் கூட்டம் இருக்க, போனில் ‘கடை பூட்டியாச்சு’ என்று கேட்கும். பகலில் ஆர்டர் குறைகிறதே என்று யோசிக்கும் கடைக்காரர் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பதிவான குரலுக்கு நாளும் தெரியாது, மணியும் தெரியாது. கடை நேரத்துக்கு ஒன்று, பூட்டிய நேரத்துக்கு ஒன்று என்று இரண்டு பதிவுகளைத் தானே மாற்றிப் போடும் வசதி சில இணைப்புகளில் கிடைக்கும். அது இல்லாதவர்கள் எந்த நேரத்தில் கேட்டாலும் பொய்யாகாத சொற்களை வைத்துக்கொள்ள வேண்டும். அதே கேக் கடை இப்படிப் பேசலாம்:

“வணக்கம், இது எங்கட கேக் கடை. செவ்வாயில இருந்து ஞாயிறு வரை, காலமை ஒன்பது மணி தொடக்கம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும். திங்கக்கிழமை பூட்டு. ஓடர் குடுக்க எண்டால் உங்கட பேர், நம்பர், எத்தனையாம் திகதிக்கு வேணும் எண்டு சொல்லுங்கோ. கடை திறந்திருக்கிற நாளில நாங்களே உங்களுக்கு எடுப்பம்.”

‘இது எங்கட’ என்பதற்குப் பின் கடையின் பெயரைச் சேர்த்துக்கொண்டால் போதும். நிதானமாகப் பேசினாலும் அரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கடையின் எண்ணைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. அழைத்தவர் அதை அடித்துத்தானே வந்திருக்கிறார். அங்கே வளர்ந்த பிள்ளைகளும் தமிழ் அறியாத வாடிக்கையாளர்களும் அழைப்பார்கள் என்பதால், இதையே ஆங்கிலத்திலும் சொல்ல வேண்டும். பின்னால் ஆங்கிலம் வருகிறது என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு வரியில் சொல்லிவிட்டால் அவர்கள் பாதியில் வைத்துவிட மாட்டார்கள்.

யாருடைய குரல்? வாய்ஸ்மெயிலுக்கு அமெரிக்காவில் 1983இல் காப்புரிமை பெற்றவர் கோர்டன் மாத்யூஸ். அவருடைய முதல் வணிக அமைப்பில் வரவேற்புச் செய்தியைப் பேசிப் பதிவு செய்தவர் அவர் மனைவி மோனிகா. குடும்பக் கடைக்கும் அதுவே பொருத்தம்: பகலில் போன் எடுப்பவர் யாரோ, அவரே பேசட்டும். பழகிய குரலைக் கேட்டால் சரியான கடைக்குத்தான் அடித்தோம் என்று வாடிக்கையாளர் உடனே தெரிந்துகொள்வார்.

பதிவு செய்யும் இடத்தையும் கவனிக்க வேண்டும். பழைய தொலைபேசி இணைப்பு சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்தும். ‘எஸ்’, ‘எஃப்’ போன்ற ஒலிகளைப் பிரித்துக் காட்டும் கூர்மை பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், போனில் அவை ஒன்றுபோலக் கேட்கும். ஆங்கிலத்தில் ‘ஃபைவ்’, ‘நைன்’ என்னும் எண்களும் எளிதில் மாறிவிடும். கூடவே குளிர்பெட்டியின் விசிறிச் சத்தமும், ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது வரும் எதிரொலியும் சேர்ந்தால் ஒன்பது மணியா ஐந்து மணியா என்பதே புரியாது. ஸ்பீக்கரை அணைத்து, போனை வாயருகே பிடித்து, கடையின் பின்னறையில் நின்று பேசுவது நல்லது.

விடுமுறைப் பதிவில் இன்னொரு கவனம் வேண்டும். ‘பத்தாம் திகதி வரை ஊரில் இல்லை’ என்பது வாடிக்கையாளருக்கு மட்டும் போகும் சேதி அல்ல, திருடனும் கேட்பான். எந்தத் தேதியில் திறப்போம் என்று மட்டும் சொன்னால் போதும்.

வாய்ஸ்மெயில் வைத்திருக்கும் கடைக்காரர்கள் இன்றிரவு கதவைப் பூட்டியதும் வேறொரு போனிலிருந்து சொந்தக் கடைக்கே அடித்துக் கேளுங்கள். நாளும் மணியும் சரியாக இல்லையென்றால், வீட்டுக்குப் போகுமுன் புதிதாகப் பேசிப் பதிவு செய்துவிடுங்கள்.