ஓரிரவுக் கடனில் ஐந்தாண்டுப் பத்திரம்

ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை மாற்றியது என்ற செய்தியைப் படித்ததும், வீட்டுக் கடன் தவணை கூடுமா குறையுமா என்றுதான் பார்க்கிறோம். அந்த விகிதத்துக்குப் பெயர் தந்த ரெப்போ என்ற கொடுக்கல் வாங்கல் வங்கிகளுக்கும் பத்திர வியாபாரிகளுக்கும் இடையே தினமும் நடக்கிறது. பணம் தேவைப்படுபவர் தன்னிடமுள்ள அரசுக் கடன் பத்திரத்தை இன்று விற்கிறார். நாளை சற்றுக் கூடுதலான இன்ன விலைக்குத் திரும்ப வாங்கிக்கொள்வதாக இன்றே ஒப்பந்தம் செய்துகொள்கிறார். இரு விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் வட்டி.

நகையை அடகு வைப்பதற்கும் இதற்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அடகுக் கடைக்காரர் நோட்டீஸ் அனுப்பி, அவகாசம் கொடுத்துத்தான் நகையை ஏலம் விட முடியும். ரெப்போவில் பத்திரம் விற்பனையாகவே கைமாறுகிறது. பணம் திரும்பவில்லை என்றால் கடன் கொடுத்தவர் உடனே சந்தையில் விற்றுவிடலாம். இந்த உறுதி இருப்பதால்தான் வட்டியும் குறைவு.

பத்திர வியாபாரத்தில் இது எப்படிப் பயன்படுகிறது? ஆண்டுக்கு 7 சதவீத வட்டி தரும் 100 கோடி ரூபாய் பத்திரங்களை ஒருவர் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கும் பத்திரத்தையே ரெப்போவில் கொடுத்து 98 கோடி கடன் பெறுகிறார். எஞ்சிய 2 கோடிதான் அவருடைய சொந்தப் பணம். கடன் கொடுப்பவர் தன் பாதுகாப்புக்காகப் பிடித்துக்கொள்ளும் இந்தக் கழிவைச் சந்தையில் ஹேர்கட் என்பார்கள். ரெப்போ வட்டி 6.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 6.37 கோடி போகிறது, 7 கோடி வருகிறது. மீதி 63 லட்சம். 2 கோடி போட்டவருக்கு இது 31 சதவீதத்துக்கு மேற்பட்ட லாபம்.

ஆனால் பத்திர விலை ஒரே ஒரு சதவீதம் இறங்கினால் 1 கோடி, அதாவது சொந்தப் பணத்தில் பாதி, போய்விடும். பத்திரத்தின் விலையைக் கடன் கொடுத்தவர் தினமும் சந்தையோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார். இறங்கிய அளவுக்குக் கூடுதல் பணமோ பத்திரமோ கேட்கிறார். இதற்கு மார்ஜின் கால் என்று பெயர். தவிர, ஓரிரவுக் கடன் என்பதால் ஒவ்வொரு நாளும் அதைப் புதுப்பித்தாக வேண்டும்.

இந்தக் கணக்கு தவறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் கலிஃபோர்னியாவிலுள்ள ஆரஞ்சு கவுண்டி காட்டியது. அதன் பொருளாளர் ராபர்ட் சிட்ரன், நகராட்சிகள், பள்ளி நிர்வாகங்கள், குடிநீர் வாரியங்கள் ஒப்படைத்த சுமார் 750 கோடி டாலரை நிர்வகித்தார். ரெப்போ மூலம் கடன் வாங்கி, மொத்த முதலீட்டை 2,000 கோடி டாலருக்கு மேல் பெருக்கினார். குறுகிய காலக் கடன் மலிவாகவும், சில ஆண்டு காலப் பத்திரங்களின் வட்டி கூடுதலாகவும் இருந்தவரை நல்ல லாபம் வந்தது. 1994 ஜூன் தேர்தலில் எதிர்த்து நின்ற கணக்காளர் ஜான் மூர்லாக் இந்த ஆபத்தை வெளிப்படையாகச் சொன்னார். சிட்ரனே வென்றார்.

அந்த ஆண்டு பிப்ரவரி தொடக்கத்தில் 3 சதவீதமாக இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் குறுகிய கால வட்டி, நவம்பருக்குள் 5.5 சதவீதமானது. வட்டி ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். ஒரு பக்கம் கடன் செலவு கூடியது, மறுபக்கம் பிணையின் மதிப்பு குறைந்தது. முதிர்வு வரை வைத்திருந்தால் முழுப் பணமும் வந்துவிடும், இது வெறும் காகித நஷ்டம் என்பதே சிட்ரன் தரப்பின் வாதம். சொந்தப் பணத்தில் வாங்கியவருக்கு அது சரியான வாதம். ரெப்போவில் வாங்கியவரோ, கடனைப் புதுப்பிக்க எதிர்த்தரப்பு சம்மதிக்கும் வரைதான் பத்திரத்தை வைத்திருக்க முடியும். ஆரஞ்சு கவுண்டியின் தோல்விக்கு இதையே மூல காரணமாக நான் கருதுகிறேன்.

மார்ஜின் கேட்டுக் கேட்டு ரொக்கம் கரைந்தது. 1994 டிசம்பர் 6 அன்று கவுண்டி திவால் மனு தாக்கல் செய்தது. கடன் கொடுத்திருந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை கையிலிருந்த பத்திரங்களை விற்றுத் தங்கள் பணத்தை எடுத்துக்கொண்டன. பொது நிதிக்கு வந்த நஷ்டம் 160 கோடி டாலருக்கும் மேல். அடுத்த ஆண்டிலேயே வட்டி விகிதங்கள் இறங்கி, பத்திர விலைகள் மீண்டும் ஏறின. அதனால் பயனடைய கவுண்டியின் கையில் அந்தப் பத்திரங்கள் இல்லை.

கடன் வாங்கிப் பத்திரம் வாங்கும் எந்த நிதியைப் பற்றியும் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: சொந்தப் பணம் எவ்வளவு, கடனை எத்தனை நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்? திவாலிலிருந்து மீள்வதற்காக வாங்கிய கடனை ஆரஞ்சு கவுண்டி மக்கள் அடைத்து முடித்தது 2017-ல்தான்.