காலையில சாப்பிடாம மண் சுமந்தா தொப்பை குறையுமா?

எடையைக் குறைக்கணும்னு காலைச் சாப்பாட்டை விட்டுட்டு கட்டட வேலைக்குப் போறவங்க உண்டு. 11 மணிக்குள் கை நடுங்கும், தலை சுத்தும். சாரத்தில் நிற்பவருக்கு அது ஆபத்து. ராத்திரி பசி அடங்காது. பகலில் விட்டதை எல்லாம் சேர்த்துச் சாப்பிட்டுவிடுவோம்.

அப்போ எதைக் குறைப்பது? ஒரு சித்தாளின் நாளைப் பார்ப்போம். 5 டீ, ஒவ்வொன்றிலும் 2 ஸ்பூன் சர்க்கரை. அதிலேயே சுமார் 200 கலோரி. கூடவே 2 வடை, அது ஏறக்குறைய இன்னொரு 200. டீக்கு அரை ஸ்பூன் சர்க்கரை, வடைக்குப் பதில் ஒரு அவித்த முட்டை என்று மாற்றினால் தினமும் சுமார் 275 கலோரி குறையும். மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பு.

காலையும் மதியமும் வயிறு நிறையச் சாப்பிடலாம். வேலைக்கான தெம்பு அதில்தான். இன்னும் குறைக்கணும்னா ராத்திரி ஒரு கரண்டி சோறு குறைத்து, சுண்டலோ மீனோ சேர்க்கலாம். புரதம் இருந்தால் பசி தாங்கும், தசையும் கரையாது.

சாயங்காலம் எடை ஒரு கிலோ குறைஞ்சு காட்டுதா? அது வியர்வை, கொழுப்பு இல்லை. உப்பு போட்ட மோர் குடிங்க. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்க. வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் இறங்கி, வழக்கமான சுமையே கனமாகத் தெரிந்தால், மதியச் சாப்பாட்டைக் கூட்டுங்க. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்க.