வாங்கும் எண்ணம் – 7: முகம் காட்டாத குரல்

‘இவர் 2017-இல் இப்படிச் சொன்னார், அவர் 2019-இல் அப்படிச் சொன்னார்’ என்று அடுக்கிக்கொண்டே போனால் அது லிட்ரேச்சர் ரிவியூ ஆகாது என்று சென்ற வாரம் முடித்திருந்தோம். இந்த வாரம் ஒரு பத்தியை எழுதிக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். வாங்கும் எண்ணம் உண்மையில் கடை பில்லாக மாறுகிறதா என்பதையும் பார்ப்பதாக இருந்தோம். பத்தி கீழே வருகிறது. பில் அடுத்த வாரத்துக்குப் போகிறது. காரணம், ஒன்றுக்கொன்று மோதும் இரண்டு கட்டுரைகள்.

முதலாவது, சென் லூ, ஷுபெய் யுவான் இருவரும் 2019-இல் வெளியிட்டது. இன்ஃப்ளுயன்சர்களைப் பின்தொடர்கிறவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். இன்ஃப்ளுயன்சரின் நம்பகத்தன்மை, ‘நம்மைப் போன்றவர்’ என்ற உணர்வு, தோற்றக் கவர்ச்சி ஆகியவை அவர் போடும் விளம்பரப் பதிவின் மீது நம்பிக்கையைக் கூட்டுகின்றன. அந்த நம்பிக்கை வாங்கும் எண்ணத்தைத் தூண்டுகிறது.

இரண்டாவது, கரீனா சொகோலோவாவும் ஹாஜர் கெஃபியும் 2020-இல் வெளியிட்டது. பிரான்ஸில் அழகு, ஃபேஷன் பற்றிப் பேசும் நான்கு பிரபலங்களின் வழக்கமான ரசிகர்களிடம் கேட்டார்கள். தோற்றக் கவர்ச்சிக்கும் ரசிகர் உணரும் ஒருபக்க நெருக்கத்துக்கும் தொடர்பே தெரியவில்லை; சில இடங்களில் எதிர்மறையாகக்கூட இருந்தது. அழகுசாதனம் விற்கும் உலகத்திலேயே!

பல மாணவர்கள் இங்கே ‘ஆய்வு முடிவுகள் முரண்படுகின்றன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நகரக் கூடாது. இருவரும் அளந்தது ஒன்றையேதானா என்று முதலில் பார்க்க வேண்டும். லூ, யுவான் அளந்தது, அழகு பதிவின் மீதான நம்பிக்கையைக் கூட்டுகிறதா என்பதை. சொகோலோவா, கெஃபி அளந்தது, அழகு நெருக்கத்தைக் கூட்டுகிறதா என்பதை. கேள்வியே வேறு.

நெருக்கத்துக்கு முகம் தேவையில்லை என்பதற்கு இன்ஸ்டாகிராமுக்கு வெகுகாலம் முந்தைய சாட்சி ஒன்று இருக்கிறது. இந்த வாரம் முழுக்க என்னைப் பிடித்து வைத்திருந்தது அதுதான். ஒருபக்க நெருக்கம் என்ற கருத்தை முன்வைத்த டோனல்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் இருவரும் 1956-ஆம் ஆண்டுக் கட்டுரையில் ‘லோன்சம் கேல்’ என்ற அமெரிக்க வானொலி நிகழ்ச்சியை எடுத்து விரிவாகப் பேசுகிறார்கள். தனிமையில் வாடும் பெண்ணாக ஒரு குரல் மட்டும் வரும். கேட்கிற ஒவ்வொரு ஆணிடமும் அவனுக்கு மட்டுமே பேசுவதுபோல் கொஞ்சிப் பேசும். கட்டுக்கட்டாகக் கடிதங்கள் குவிந்தன. கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டவர்கள் ஏராளம். பேசிய ஜீன் கிங் வெளியே வரும்போதும் முகமூடி அணிந்தே வந்தார். அவர் அழகியா என்று அறியாமலே அத்தனை பேர் மனம் கொடுத்திருக்கிறார்கள். இன்று மொபைல் கேமராவைப் பார்த்து ‘உனக்காகத்தான் இந்த வீடியோ’ என்கிறவரும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பத்தி தானாக உருவம் பெறுகிறது:

“இளம் நுகர்வோரின் வாங்கும் எண்ணத்தில் இன்ஃப்ளுயன்சர்களின் செல்வாக்கு நம்பகத்தன்மை, ஒருபக்க நெருக்கம் என்ற இரு வழிகளில் செயல்படுகிறது (லூ, யுவான் 2019, சொகோலோவா, கெஃபி 2020). தோற்றக் கவர்ச்சி முதல் வழிக்கு உதவினாலும், இரண்டாம் வழிக்கு உதவியதாகத் தெரியவில்லை. இரு வழிகளுக்கும் பொதுவாக இருப்பது ‘நம்மைப் போன்றவர்’ என்ற உணர்வு. 18 இளம்பெண்களை நேர்காணல் செய்த ஜாஃபரோவா, ரஷ்வொர்த் (2017) பெரிய நட்சத்திரங்களைவிட வலைப்பதிவர்களும் யூடியூபர்களும் அதிகம் நம்பப்படுவதாகக் கண்டது இதற்கு வலு சேர்க்கிறது. ஆனால் பிரெஞ்சு ஆய்வு நான்கு அழகுத் துறைப் பிரபலங்களோடு நின்றுவிடுவதால், மற்றப் பொருள்களுக்கும் அது பொருந்துமா என்பது சோதிக்கப்பட வேண்டும்.”

இந்தப் பத்தியில் எந்த வாக்கியமும் ஆய்வாளர் பெயரில் தொடங்கவில்லை. கருத்து முன்னால் வருகிறது, பெயர்கள் அதற்குச் சாட்சியாகப் பின்னால் வருகின்றன. 18 பேர் என்ற எண்ணிக்கையை மறைக்கவும் இல்லை. நேர்காணல் ஒருவர் ஏன் நம்புகிறார் என்பதைச் சொல்லும். எத்தனை பேர் நம்புகிறார்கள் என்று சொல்லாது. அதனால்தான் ‘வலு சேர்க்கிறது’ என்று எழுதினேன். ‘நிரூபிக்கிறது’ என்று எழுதியிருந்தால் வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கே விழும்.

கடைசி வரி பலர் விட்டுவிடுவது. உங்கள் ஆய்வுக்கு இடம் அங்கேதான் கிடைக்கிறது: எடுத்துக்காட்டாக, மொபைல் வாங்குகிறவரிடமும் அழகும் நெருக்கமும் இப்படித்தான் பிரிந்து நிற்குமா?

இனி பில். தாமஸ் வெப், பாஸ்கல் ஷீரன் இருவரும் 2006-இல் 47 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, எண்ணம் கணிசமாக மாறினாலும் செயல் ஓரளவே மாறுகிறது என்று கண்டார்கள். மேலே சொன்ன கட்டுரைகள் அளந்தவையோ எண்ணத்தை மட்டும்தான். இந்த இடைவெளியில் எங்கே எவ்வளவு கசிகிறது என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.