பூட்டிக்கொண்ட சிப்

"அண்ணா, போர்டு செத்துப்போச்சு" என்றபடி வந்து நின்றான் எங்கள் பட்டறையில் பயிற்சிக்கு இருக்கும் பையன். கையில் ப்ளூ பில் என்ற பெயரில் கடைகளில் கிடைக்கும் விரல் நீள நீலப் போர்டு. அதன் நடுவில் எஸ்டிஎம்32எஃப்103 என்ற சிப். காலையில் ஒரு முறை புரோகிராம் ஏறியிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை முறை முயன்றாலும் கணினித் திரையில் இந்த ஒரே வரிதான்:

```
Error: init mode failed (unable to connect to the target)
```

போர்டை வாங்கிப் பார்த்தேன். ஓரத்தில் இருந்த எல்இடி நிதானமாகச் சிமிட்டிக்கொண்டிருந்தது. செத்த போர்டு சிமிட்டாது. அவன் எழுதிய புரோகிராம் உள்ளே நன்றாகவே ஓடுகிறது. நாம் தட்டினால்தான் கதவு திறக்கவில்லை.

போர்டில் பற்றவைத்த சிப்புக்குள் புரோகிராமை ஏற்றுவதற்குப் பல வழிகள் உண்டு. எங்கள் மேசையில் அன்றாடம் புழங்குபவை மூன்று: ஐஎஸ்பி, ஜேடேக், எஸ்டபிள்யூடி. எத்தனை ஒயர், எவ்வளவு வேகம் என்றுதான் பலரும் இவற்றை ஒப்பிடுவார்கள். நான் புதிதாக வருகிறவர்களிடம் வேறொன்றைக் கேட்கச் சொல்வேன்: ஒயரின் மறுமுனையில், சிப்புக்குள், நாம் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பது யார்? அது தெரிந்துவிட்டால், கோளாறு வரும்போது எங்கே கை வைப்பது என்பதும் தெரியும்.

முதலில் ஐஎஸ்பி. ஆர்டுவினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பை எடுத்துக்கொள்வோம். தகவல் உள்ளே போக ஒரு ஒயர், வெளியே வர ஒன்று, தாளம் தட்டும் கிளாக்குக்கு ஒன்று, ரீசெட்டுக்கு ஒன்று. மின்சாரத்துக்கான இரண்டையும் சேர்த்தால் ஆறு பின். சென்சார்களையும் மெமரி கார்டுகளையும் இணைக்கிற அதே எஸ்பிஐ பாதைதான் இது. ரீசெட் ஒயரைத் தாழ்த்திப் பிடித்தால் புராசசர் அசையாமல் நின்றுவிடும். அது நிற்கும்போது, ஃப்ளாஷ் நினைவகத்தில் எழுதத் தெரிந்த ஒரு சின்னச் சுற்று கேட்கத் தொடங்கும். நான்கு பைட்டுகளாகத்தான் அதனிடம் பேச வேண்டும். முதல் வாக்கியம் எப்போதும் `AC 53 00 00`. மூன்றாவது பைட்டை அனுப்பிக்கொண்டிருக்கும்போதே, இரண்டாவதாகச் சொன்ன `53` திரும்பி வர வேண்டும். வந்தால் சிப் காதுகொடுக்கிறது என்று பொருள். வராவிட்டால் மேற்கொண்டு பேசிப் பயனில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஊனோவிலிருந்து கழற்றிய பழைய சிப்பில் புரோகிராம் ஒழுங்காக ஏறும். கடையிலிருந்து வந்த புத்தம்புதுச் சிப்பை அதே சாக்கெட்டில் வைத்தால் `target doesn't answer` என்று வரும். கடைக்காரர் போலியைக் கொடுத்துவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். உண்மைக் காரணம் வேறு. ஐஎஸ்பியில் கேட்கும் அந்தச் சுற்றுக்குச் சொந்தத் தாளம் கிடையாது, சிப்பின் கிளாக்கை நம்பித்தான் அது வேலை செய்கிறது. நாம் அனுப்பும் தாளம் அந்தக் கிளாக்கின் கால் பங்குக்குக் கீழே இருந்தால்தான் அதற்குப் பிடிபடும். ஊனோவின் சிப் 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலில் ஓடுகிறது, அதற்குச் சிரமமே இல்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் புதுச் சிப்போ உள்ளேயிருக்கும் 8 மெகாஹெர்ட்ஸை எட்டால் வகுத்து, 1 மெகாஹெர்ட்ஸில் ஓடும். கால் பங்கு என்றால் 250 கிலோஹெர்ட்ஸ். யுஎஸ்பிஏஎஸ்பி என்ற மலிவான புரோகிராமர் வழக்கமாக 375 கிலோஹெர்ட்ஸில் பேசும். பேச்சைக் கொஞ்சம் நிதானப்படுத்தினால் போதும்:

```
avrdude -c usbasp -p m328p -B 10
```

கடைசியில் உள்ள 10 என்பது ஒரு பிட்டுக்கு 10 மைக்ரோசெகண்ட், அதாவது சுமார் 100 கிலோஹெர்ட்ஸ். புரோகிராமரின் ஃபர்ம்வேர் பழையதாக இருந்து இதை மதிக்காவிட்டால், அதன் போர்டிலேயே வேகத்தைக் குறைக்கும் ஜம்பர் ஒன்று இருக்கும். சிப் பதில் சொன்னதும் `1E 95 0F` என்ற அடையாளம் திரையில் வரும்.

இன்னொரு சிக்கலும் இதே இடத்திலிருந்துதான் முளைக்கிறது. ஃப்யூஸ் அமைப்பில் வெளிக் கிரிஸ்டல் என்று எழுதிவிட்டு, போர்டில் கிரிஸ்டல் வைக்க மறந்துவிட்டால் சிப்புக்குத் தாளமே இல்லை. எவ்வளவு மெதுவாகப் பேசினாலும் அது கேட்காது. கிரிஸ்டல் பின்னில் வெளியிலிருந்து ஒரு சதுர அலையைக் கொடுத்தால் எழுந்துவிடும்.

ஐஎஸ்பியால் எழுதலாம், எழுதியதைப் படிக்கலாம். அத்தோடு சரி. ஓடும் புரோகிராம் எந்த வரியில் மாட்டிக்கொண்டது என்று அதனிடம் கேட்க முடியாது. கேட்பவர் இருப்பதே புராசசர் நிற்கும்போதுதான் என்கிறபோது, அது எப்படிச் சொல்லும்?

ஜேடேக் பிறந்ததே வேறு தேவைக்காக. 1985-இல் மின்னணு நிறுவனங்கள் சில சேர்ந்து அமைத்த குழுவின் பெயர்ச் சுருக்கம் அது. 1990-இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரநிலையாக வெளிவந்தது. அவர்களுடைய கவலை புரோகிராம் பற்றியதே அல்ல, ஈயப்பற்று பற்றியது. போர்டுகளில் சிப்புகள் நெருங்க நெருங்க, சோதனை ஊசியை வைத்துத் தொட இடமில்லாமல் போனது. அதனால் சிப்பின் ஒவ்வொரு பின்னுக்குப் பக்கத்திலும், உள்ளேயே, ஒரு சிறு காவல் அறை வைத்தார்கள். ஒரு சிப்பின் பின்னில் 1 போடு என்கிறோம். செப்புப்பாதையின் மறுமுனையில் இருக்கும் சிப்பின் காவல் அறை 0 என்று சொன்னால், நடுவில் பற்று விட்டிருக்கிறது. புராசசரில் புரோகிராமே இல்லாதபோதும் இந்தச் சோதனை நடக்கும்.

அதற்கு நான்கு ஒயர்: தகவல் உள்ளே, தகவல் வெளியே, கிளாக், பிறகு நிலையை மாற்றும் ஒரு கட்டளைக் கோடு. வேண்டுமானால் ஐந்தாவதாக ஒரு ரீசெட் கோடு. ஒரு சிப்பிலிருந்து வெளியே வருவது அடுத்த சிப்புக்குள் போகும், பூச்சரம் கட்டுவது போல. போர்டில் பத்துச் சிப் இருந்தாலும் ஒரே கனெக்டர் போதும். உள்ளே 16 நிலைகள் கொண்ட ஒரு கட்டுப்பாட்டுச் சுற்று இருக்கிறது. எந்த நிலையில் தொலைந்துபோனாலும், கட்டளைக் கோட்டை உயர்த்திப் பிடித்து ஐந்து முறை கிளாக் தட்டினால் தொடக்கத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு ஏற்பாட்டுக்காகவே அதை வடிவமைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. சரத்தின் குறை வெளிப்படையானது: நடுவில் ஒரு பூ உதிர்ந்தால், அதாவது ஒரு சிப்பின் பற்று விட்டால், சரம் முழுவதும் பேச்சை நிறுத்திவிடும்.

புராசசருக்கு அருகில் விழித்திருக்கும் இப்படியொரு சுற்று கிடைத்தபின், அதன் வழியாகப் புராசசரையே நிறுத்தவும் விசாரிக்கவும் தொடங்கினார்கள். டீபக்கிங் வேலைக்கு ஜேடேக் வந்தது அப்படித்தான்.

எஸ்டபிள்யூடி, ஏஆர்எம் நிறுவனம் சிறிய சிப்புகளுக்காகச் சுருக்கிய வழி. ஒயர் இரண்டுதான். ஒன்று கிளாக், மற்றொன்றில் இருபக்கமும் மாறி மாறிப் பேச்சு. கணினி 8 பிட்டில் கேள்வி கேட்டுவிட்டுக் கோட்டை விட்டுவிடும், சிப் 3 பிட்டில் பதில் சொல்லும், பிறகு 32 பிட் தகவலும் ஒரு சரிபார்ப்பு பிட்டும் போகும். பதில் சொல்ல யாருமில்லை என்றால் கோடு உயர்ந்தே இருக்கும், கணினிக்கு மூன்றும் 1 என்றே தெரியும். இதில் கேட்கும் சுற்று நம்முடைய கிளாக்கிலேயே ஓடுவதால், ஐஎஸ்பியில் பார்த்த கால் பங்குத் தொல்லை இங்கே இல்லை. சிப்புகளைச் சரமாகக் கோக்கவோ பற்றைச் சோதிக்கவோ இது உதவாது. ஒரே சிப் உள்ள போர்டுக்கு அந்த இழப்பு பெரிதல்ல.

இனிப் பையனின் போர்டுக்கு வருவோம். எஸ்டிஎம்32எஃப்103 இரண்டு மொழியும் பேசும். ரீசெட்டிலிருந்து எழும்போது ஜேடேக்குக்காக ஐந்து பின்களைத் தனக்கென்று பிடித்து வைத்துக்கொள்கிறது: பிஏ13, பிஏ14, பிஏ15, பிபி3, பிபி4. எஸ்டபிள்யூடிக்கு இவற்றில் முதல் இரண்டு மட்டும் போதும். பையன் பிபி3-இல் ஒரு ரிலேயை மாட்டியிருந்தான். அது அசையவில்லை, ஏனென்றால் அந்தப் பின் ஜேடேக்கின் வெளிவாசல். தேடிப் பார்த்து எங்கிருந்தோ ஒரு வரியை எடுத்துப் போட்டிருக்கிறான்:

```c
__HAL_AFIO_REMAP_SWJ_DISABLE();
```

ரிலே வேலை செய்தது. ஆனால் இந்த வரி ஐந்து பின்களையும் விடுவித்துவிடும். எழுந்த சில மில்லிசெகண்டில் சிப் இந்த வரிக்கு வந்து, நம் முகத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறது. அவனுக்குத் தேவைப்பட்டது இதுதான்:

```c
__HAL_AFIO_REMAP_SWJ_NOJTAG();
```

இது பிஏ15, பிபி3, பிபி4 மூன்றையும் விடுவித்துவிட்டு, எஸ்டபிள்யூடியின் இரண்டு பின்களைத் தொடாமல் விடும்.

சாத்திய கதவைத் திறக்க, அந்த வரி ஓடுவதற்கு முன்பே நாம் உள்ளே போய்விட வேண்டும். ரீசெட்டில் பிடித்து வைத்திருக்கும்போது பின்கள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். புராசசர் நிற்கும், எஸ்டபிள்யூடியின் சுற்று மட்டும் விழித்திருக்கும். அப்போது இணைத்து, முதல் கட்டளையிலேயே நில் என்று சொல்லிவிட்டு ரீசெட்டை விட்டால் போதும். ப்ளூ பில்லின் ஓரத்தில் உள்ள நான்கு பின் கனெக்டரில் ரீசெட் கிடையாது, அதற்குத் தனி ஒயர் இழுக்க வேண்டும். அன்று கைவசம் ஒயர் இல்லாததால் இன்னொரு வழியில் போனோம். பூட்0 ஜம்பரை 1-க்கு மாற்றி ரீசெட் பட்டனை அழுத்தினான். இப்போது சிப் அவன் புரோகிராமை விட்டுவிட்டு, தொழிற்சாலையில் பதித்த பூட்லோடரை ஓட்டும். இதுவும் ஒரு வகை ஐஎஸ்பிதான். சீரியல் போர்ட்டில் `0x7F` அனுப்பினால் `0x79` என்று பதில் சொல்லி, புரோகிராமை வாங்கிக்கொள்ளும். நமக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. பூட்லோடர் டீபக் பின்களைத் தொடுவதில்லை என்பதால், மறுபடி இணைத்ததும் `0x1BA01477` என்ற எஸ்டபிள்யூடி அடையாள எண் திரையில் வந்தது. ஃப்ளாஷை அழித்தான், ஜம்பரைப் பழைய இடத்துக்கு மாற்றினான், திருத்திய புரோகிராமை ஏற்றினான்.

அவனை அனுப்புவதற்கு முன் இன்னொன்றையும் சொல்லிவைத்தேன், ஒரு ஃப்யூஸைப் பறிகொடுத்துக் கற்றது அது. பிரேக்பாயிண்ட் போட்டால் நிற்பது புராசசர் மட்டும்தான் (இந்தச் சிப்பில் ஆறு வரை போடலாம்). டைமர் நிற்காது. மோட்டாருக்குப் போகும் துடிப்புகள் கடைசியாகச் சொன்ன அளவிலேயே போய்க்கொண்டிருக்கும், மின்னோட்டத்தைப் பார்த்துக் குறைக்க வேண்டிய புராசசரோ நம் கட்டளைக்காகக் காத்து நிற்கும். வாட்ச்டாக் ஓடிக்கொண்டிருந்தால், நாம் வரியைப் படித்து முடிப்பதற்குள் சிப்பை ரீசெட் செய்தும் விடும். அதனால் மோட்டார் போர்டில் பிரேக்பாயிண்ட் வைக்கும் முன், ஓபன்ஓசிடியில் இந்த ஒரு வரி:

```
mww 0xE0042004 0x500
```

புராசசர் நிற்கும்போது வாட்ச்டாக்கும் முதல் டைமரும் சேர்ந்து நிற்கும், டைமரின் வெளியீடுகளும் அணைந்துவிடும். அதை நோட்டில் எழுதிக்கொண்டவன், போர்டைத் திருப்பி ரீசெட் பின் எங்கே என்று தேட ஆரம்பித்தான். சால்டரிங் அயர்னைச் சூடேற்றி, அங்கே ஒரு வெள்ளை ஒயரைப் பற்றவைத்துக்கொண்டு போனான்.