ஒரே கேள்வி, நாற்பது விடை

ஜேனட்டின் வாத்துகள் நாளொன்றுக்கு 16 முட்டை இடுகின்றன. காலையில் அவள் மூன்றைச் சாப்பிடுகிறாள். நான்கை மஃபின் செய்ய எடுத்துக்கொள்கிறாள். மீதியைச் சந்தையில் முட்டை 2 டாலர் என்று விற்கிறாள். தினமும் எவ்வளவு கிடைக்கும்?

ஏஐ ஆராய்ச்சியில் இருப்பவர்களுக்கு நன்கு பழகிய கணக்கு இது. 2021இல் ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட, ஏறத்தாழ 8,500 பள்ளிக் கணக்குகள் கொண்ட ஜிஎஸ்எம்8கே என்ற தொகுப்பில் இருக்கிறது. 2022 மார்ச்சில் கூகுளின் ஷுவேஷி வாங், டென்னி ஷோ உள்ளிட்டோர் ஒரு புதிய உத்தியை விளக்க இதையே எடுத்துக்கொண்டார்கள். உத்தியின் பெயர் செல்ஃப் கன்சிஸ்டன்சி. ஒரே கேள்வியை ஒரே மாடலிடம் பல முறை கேட்டு, எந்த விடை அதிக முறை வருகிறதோ அதையே முடிவாக எடுத்துக்கொள்வது.

அவர்கள் காட்டிய உதாரணத்தில், ஒரே முறை கேட்டபோது மாடல் இப்படிப் போனது: தினமும் 3 + 4 = 7 முட்டை செலவாகிறது; மீதியை விற்கிறாள்; ஆகவே 7 × 2 = 14 டாலர். செலவான முட்டைகளையே விற்றுவிட்டது! அதே கேள்வியை மூன்று முறை கேட்டபோது, முதல் தடவை 16 – 3 – 4 = 9, ஆகவே 18 டாலர் என்றது. இரண்டாம் தடவை 2 × (16 – 4 – 3) என்று சரியாக எழுதிவிட்டு, பெருக்கிச் சொல்லும்போது வழுக்கி 26 என்றது. மூன்றாம் தடவை முதலில் மூன்றைக் கழித்து 13, அதில் நான்கைக் கழித்து 9 என்று படிப்படியாகப் போய் 18ஐத் தொட்டது. மூன்றில் இரண்டு 18. விடையும் அதுதான்.

விடை ஏன் மாறுகிறது?

மொழி மாடல் தன் பதிலைச் சொல் சொல்லாக எழுதுகிறது. ஒவ்வொரு இடத்திலும் அடுத்து வரக்கூடிய சொற்களுக்கு அதனிடம் ஒரு வாய்ப்புக் கணக்கு உண்டு. எப்போதும் முதலிடத்தில் இருக்கும் சொல்லையே எடு என்று வைத்துவிட்டால், எத்தனை முறை கேட்டாலும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான் வரும். ஓட்டெடுப்புக்கு அர்த்தமே இருக்காது. அதனால் டெம்பரேச்சர் என்ற அளவைக் கொஞ்சம் உயர்த்தி, இரண்டாம் மூன்றாம் இடத்துச் சொற்களுக்கும் இடம் தருகிறார்கள். கூகுள் குழு தன் பெரிய மாடலான பாமுக்கு 0.7 வைத்தது.

ஏதோ ஒரு வரியில் தடம் மாறினால், அதற்குப் பின் வருவதெல்லாம் அந்தத் தவறின் மேலேயே கட்டப்படும். ஒரே முறை கேட்டால் அந்த ஒரு தடத்தை நம்பித்தான் ஆக வேண்டும். பல முறை கேட்டால் தவறுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறுகின்றன: 14, 26, 32 என்று. சரியான வழிகள் எத்தனை இருந்தாலும் அவை வந்து சேரும் இடம் ஒன்றுதான். அதனால் சரியான விடைக்குப் பாதிக்கு மேல் ஓட்டு விழ வேண்டும் என்பதுகூட இல்லை. நாற்பதில் 16 ஓட்டு அதற்கு விழுந்து, மிச்சமுள்ள 24 ஓட்டும் ஆறு தவறான விடைகளுக்கு நாலு நாலாகப் பிரிந்துபோனால், அதுவே ஜெயித்துவிடும்.

பலன் சிறியதல்ல. நாற்பது முறை கேட்டு ஓட்டெடுத்தபோது, ஜிஎஸ்எம்8கேவில் பாம் மாடலின் மதிப்பெண் நூற்றுக்கு 56.5இலிருந்து 74.4ஆக உயர்ந்தது. மாடலுக்குப் புதிதாக எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. இன்னொன்றையும் அவர்கள் சோதித்தார்கள். மாடல் தான் எழுதிய ஒவ்வொரு பதிலுக்கும் தரும் வாய்ப்பைப் பார்த்து, நம்பிக்கையோடு சொன்ன பதிலுக்குக் கூடுதல் மதிப்புக் கொடுத்தால் என்ன? பெரிய வித்தியாசம் தெரியவில்லை. சரியான பதிலையும் தவறான பதிலையும் மாடல் ஏறக்குறைய ஒரே உறுதியோடுதான் எழுதுகிறது. தலைக்கு ஓர் ஓட்டு என்று எண்ணுவதே போதுமாக இருந்தது.

ஓட்டு எங்கே ஏமாற்றும்?

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு பழைய தேற்றம் இருக்கிறது. பிரான்சின் கோந்தோர்செ 1785இல் நடுவர் குழுக்களைப் பற்றி எழுதியது. இரண்டு தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்ல வேண்டிய நடுவர் ஒவ்வொருவரும் நூற்றுக்கு 60 முறை சரியாகச் சொல்பவர் என்றால், மூவரின் பெரும்பான்மை 64.8 முறை சரியாக இருக்கும். ஆள் கூடக் கூட இது ஏறும். ஆனால் ஒவ்வொருவரும் நூற்றுக்கு 40 முறைதான் சரி என்றால், கூட்டம் பெருகப் பெருகத் தீர்ப்பு மேலும் கெடும். நடுவர்கள் ஒருவரையொருவர் பார்த்து எழுதக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு.

மொழி மாடலுக்கு இந்த நிபந்தனைதான் சிக்கல். நாற்பது பதில்களும் ஒரே மூளையிலிருந்து வருபவை. ஆயிரம் ரூபாய்ச் சேலையின் விலையை 20 சதவீதம் ஏற்றி, பிறகு 20 சதவீதம் குறைக்கிறார்கள். இப்போது விலை என்ன? 1,200 ஆகி, அதில் 240 குறைந்து 960 ரூபாய். ஏற்றியதும் குறைத்ததும் ஒன்றுதானே, அதே ஆயிரம்தான் என்று அவசரப்படுவது இயல்பு. ஒரு மாடல் இந்தக் கேள்விக்கு நூற்றுக்கு 55 முறை ஆயிரம் என்றும், 30 முறை 960 என்றும் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை கேட்டால் சரியான விடை வர 30 சதவீத வாய்ப்பாவது உண்டு. நாற்பது முறை கேட்டு ஓட்டெடுத்தால் அது ஐந்து சதவீதம்கூடத் தேறாது. தவறு இங்கே சிதறவில்லை. ஒரே குழியில் போய் விழுகிறது. ஓட்டெடுப்பு கண்டுபிடித்துத் தருவது மாடல் அதிகம் சாயும் விடையை. அது உண்மையாகவும் இருக்கும் என்பதற்கு ஓட்டெடுப்பு பொறுப்பேற்பதில்லை.

விடைகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிய வேண்டும் என்பது இன்னொரு வரம்பு. எண்ணாகவோ, அ, ஆ, இ என்ற தேர்வாகவோ இருந்தால் எண்ணிவிடலாம். அப்போதும் 18, $18, 18.00 மூன்றும் ஒன்றே என்று முதலில் ஒழுங்குபடுத்தாவிட்டால் ஓட்டு வீணாகப் பிரியும். ஒரு கடிதத்தையோ கட்டுரைச் சுருக்கத்தையோ நாற்பது முறை எழுதச் சொன்னால் நாற்பதும் வேறுவேறாக இருக்கும், எதை எண்ணுவது?

செலவும் உண்டு. நாற்பது முறை கேட்டால் நாற்பது பதிலுக்கான கட்டணம். ஆனால் பலனில் பெரும்பகுதி முதல் ஐந்து, பத்து பதில்களிலேயே கிடைத்துவிடுகிறது என்று அந்த ஆய்வுக் கட்டுரையே சொல்கிறது. முதல் ஐந்தும் ஒரே விடையைச் சொன்னால் நிறுத்திக்கொண்டு, பிளவுபட்டால் மட்டும் மேலே கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அந்தப் பிளவையே ஒரு தகவலாகப் படிக்கலாம். ஓட்டு எவ்வளவு ஒன்றுபடுகிறதோ அந்த அளவுக்கு விடை சரியாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது என்று கூகுள் குழுவின் சோதனைகள் காட்டின. 9க்கு 8, 7 என்று ஓட்டு உடைந்தால், அந்த விடையை மனிதர் ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். 40க்கு 38 விழுந்தால் நம்பிக்கை கூடும். ஆனால் எல்லோரும் வழக்கமாகச் சறுக்கும் வகைக் கேள்வியா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். அப்படிப்பட்ட கேள்வியில் நாற்பத்தொன்றாம் முறை கேட்பதில் பயனில்லை. விடையைக் கேள்வியில் பொருத்திப் பார்ப்பதோ, கால்குலேட்டரைத் தட்டுவதோதான் வழி. மாடலின் சாய்வுக்கு வெளியே இருந்து வரும் சாட்சி அது ஒன்றே.